அல்பிரசோலம் மாத்திரை போட்டால் ஆரம்பத்தில் நன்றாகத் தூக்கம் வருகிறது, பிறகு வேலை செய்வதில்லை, நிறுத்தினால் கை நடுங்குகிறது. மூளைக்குள் என்னதான் நடக்கிறது?

மதுரை பனகல் சாலையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். அல்பிரசோலம், டயசிபாம், லோரசிபாம் எல்லாமே பென்சோடயசிபின் வகையைச் சேர்ந்தவை. அவை வேலை செய்யும் இடமும் ஒன்றுதான்.

மூளையின் வேகத்தைக் குறைக்கும் முக்கியமான வேதிப்பொருள் காபா. நரம்பணுவின் மேற்பரப்பில் ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து, நடுவில் ஒரு நுண்துளையோடு அமைந்திருப்பதே காபா ஏற்பி. பெரும்பாலும் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா, ஒரு காமா என்ற கணக்கில் அந்தத் துண்டுகள் இருக்கும். ஆல்ஃபாவும் பீட்டாவும் சந்திக்கும் இரண்டு இடங்களில் காபா வந்து அமர்ந்ததும் துளை திறந்து, குளோரைடு அயனிகள் உள்ளே பாயும். நரம்பணுவின் உட்புறம் மேலும் எதிர்மின் தன்மை அடைவதால், அது அடுத்த செய்தியை அனுப்புவது கடினமாகிறது.

பென்சோடயசிபின் அமர்வது காபாவின் இடத்தில் அல்ல. ஆல்ஃபாவுக்கும் காமாவுக்கும் இடையில் உள்ள வேறொரு பள்ளத்தில். கதவின் கீலுக்கு எண்ணெய் விடுவதைப் போன்றது அதன் வேலை: எண்ணெய் தானாகக் கதவைத் திறக்காது, தள்ளுகிறவருக்கு வேலையை எளிதாக்கும். அதே அளவு காபாவுக்குத் துளை அடிக்கடி திறக்கிறது. ஒவ்வொரு முறையும் திறந்திருக்கும் நேரம் கூடுவதில்லை. பழைய பார்பிட்டுரேட் மருந்துகளோ அந்த நேரத்தையே நீட்டுபவை, அளவு மிகுந்தால் காபா இல்லாமலேயே துளையைத் திறந்துவிடுபவை. பென்சோடயசிபின் தனியாக எடுக்கப்படும்போது உயிரைப் பறிப்பது அரிதாக இருப்பதற்கு இந்த வேறுபாடே காரணம். மதுவோ, அபின் வகை வலி மருந்தோ சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், மூச்சு நின்றுவிடக்கூடும்.

மருந்து வேலை செய்யாமல் போவதற்கு, உடம்பு அதை வேகமாகக் கழித்துவிடுவதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, இரத்தத்தில் அளவு முன்போலவே இருக்கும், மாறுவது ஏற்பி. தொடர்ந்து அமைதிப்படுத்தப்படும் மூளை தன் சமநிலையை மீட்கப் பார்க்கிறது. மருந்து அமரும் இடத்துக்கும் காபா அமரும் இடத்துக்கும் இருந்த பிணைப்பு தளர்கிறது. மருந்து வந்து அமர்ந்தாலும் காபாவின் வேலை முன்புபோல எளிதாவதில்லை. காமாத் துண்டு கொண்ட ஏற்பிகள் சில, நரம்புச் சந்திப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. எதிர்ப்பக்கத்தில், தூண்டும் வேலையைச் செய்யும் குளூட்டமேட் அமைப்பு வலுக்கிறது. எல்லா விளைவும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்: தூக்கக் கலக்கம் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் குறைந்துவிடும், மறதியோ பெரும்பாலும் குறையாமல் தங்கிவிடும்.

திருமங்கலத்தில் இருக்கும் என் சித்தி இரவில் 0.5 மி.கி. அல்பிரசோலம் எடுத்துவந்தார். அது போதவில்லை என்று தாமே 1 மி.கி. ஆக்கிக்கொண்டார். சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாத்திரையை எடுத்துவர மறந்துவிட்டார். அல்பிரசோலம் எச்1 அட்டவணை மருந்து, சீட்டு இல்லாமல் நானும் கொடுக்க முடியாது. இரண்டாம் நாள் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, தூக்கமே இல்லை. “பாத்திரம் வைக்கிற சத்தம்கூடத் தலைக்குள்ள இடிக்குதுப்பா” என்றார்.

தமக்கு முன்பிருந்த பதற்றம் திரும்பிவிட்டது என்று அவர் நம்பினார். பழைய நோய் பொதுவாக மெல்ல மெல்லத் திரும்பும், பழைய அறிகுறிகளோடுதான் வரும். சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் போவது அவருக்குப் புதிது, வந்த நேரமும் கணக்கோடு பொருந்தியது. அல்பிரசோலத்தின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், ஏறத்தாழ 11 மணி என்பதால், ஒரு நாளில் கால்பங்கும், இரண்டு நாளில் மிகச் சொற்பமுமே இரத்தத்தில் மிஞ்சும். மருந்து போய்விட்டது, தளர்ந்த ஏற்பிகளும் வலுத்த குளூட்டமேட்டும் அப்படியே நிற்கின்றன. அவை பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில் வலிப்பு வரலாம், அதனால் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

மருத்துவர் நிறுத்தச் சொல்லவில்லை, டயசிபாமுக்கு மாற்றினார். 1 மி.கி. அல்பிரசோலத்துக்கு 10 முதல் 20 மி.கி. டயசிபாம் ஈடாகும் என்று கணக்கிடுவார்கள். டயசிபாமும் அது உடைந்து உண்டாகும் பொருளும் நாள்கணக்கில் இரத்தத்தில் தங்குவதால் அளவு மெதுவாகச் சரியும். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, அப்போது எடுக்கும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் குறைத்தார். முதல் அளவில் பத்தில் ஒரு பங்கு என்றே கடைசிவரை கழித்துக்கொண்டு போனால் முடிவில் சிக்கல் வரும்: சிறிய அளவு மருந்தே கணிசமான ஏற்பிகளைப் பிடித்திருக்கும் என்பதால், 10 மி.கி.யிலிருந்து 9க்கு இறங்குவதைவிட 1 மி.கி.யிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவது பல மடங்கு பெரிய சரிவு. சித்திக்கும் 2 மி.கி. மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்ட கட்டத்தில்தான் அதிக நாள் பிடித்தது.