விர்ஜின் வுல் என்ற லேபிள் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: விர்ஜின் வுல் என்பது குட்டி ஆட்டின் முதல் ரோமம்தானே? பிறகு ஏன் லாம்ப்ஸ்வுல் என்று தனியாக வேறு போடுகிறார்கள்?

முதல் ரோமம் என்பது லாம்ப்ஸ்வுல்லுக்குத்தான் பொருந்தும். ஏழெட்டு மாதக் குட்டியிடம் முதன்முறை கத்தரிப்பது அது. அதுவரை கத்தரி படாததால் இழையின் நுனி கூராக, இயற்கையாகவே மெலிந்து முடியும். அதனால்தான் தொட்டால் மென்மை.

விர்ஜின் வுல் என்பது வேறு செய்தி. அந்த இழை இதற்கு முன் எந்தத் துணியாகவும் இருந்ததில்லை என்று மட்டுமே அது உறுதி கூறுகிறது. பழைய கம்பளித் துணியைக் கிழித்து மீண்டும் நூலாக்கும் தொழில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வேரூன்றிவிட்டது. கிழிக்கும்போது இழை குட்டையாகிறது. குட்டை இழை நூலில் நன்றாகப் பிடித்து நிற்காது. அந்த வகையல்ல என்று காட்டுவதற்கான சொல்தான் இது. ஆட்டின் வயது, இனம், இழையின் பருமன் எதையும் அது சொல்லவில்லை. முரட்டு ஆட்டின் ரோமமும் விர்ஜின் வுல்தான்.

கேள்வி: நூறு சதவீத விர்ஜின் வுல் ஸ்வெட்டர் வாங்கினேன். கழுத்தெல்லாம் அரிக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா, எனக்கு ஒவ்வாமையா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. இழையின் பருமனை மைக்ரானில் சொல்வார்கள்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சுமார் 30 மைக்ரானுக்கு மேல் பருமனான இழை வளையாமல் தோலில் குத்துகிறது. நூறு இழைகளில் ஐந்து அப்படி இருந்தாலே பலருக்கு உறுத்தும். உங்கள் லேபிள் உண்மையையே சொல்லியிருக்கலாம், பருமனைத்தான் சொல்லவில்லை. அடுத்த முறை லேபிளில் மெல்லிய ரோமம் தரும் ஆட்டினமான மெரினோவின் பெயரோ மைக்ரான் எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட நம்பகமான சோதனை, துணியைக் கழுத்தோரம் ஒரு நிமிடம் வைத்துப் பார்ப்பது. உள்ளங்கையில் தடவிப் பார்ப்பது வீண்; அங்கே தோல் தடிமன். கழற்றிய பிறகும் தடிப்பு மறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கம்பளியின் சதவீதம் கூடக் கூட வெப்பம் கூடும் என்பார்கள். என்னிடம் இருப்பதில் 30% கம்பளி, 60% அக்ரிலிக், 10% நைலான். ஆனாலும் நன்றாகவே கதகதப்பாக இருக்கிறதே?

பாதி சரி. உடலின் வெப்பத்தைக் காப்பது பின்னலுக்குள் சிக்கி நிற்கும் காற்று. தடித்த பின்னல் என்றால் அக்ரிலிக்கும் கதகதப்பாகத்தான் இருக்கும். வித்தியாசம் ஈரத்தில் தெரியும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30% அளவு நீராவியை நனைந்த உணர்வு தராமலே உறிஞ்சும். உங்கள் ஸ்வெட்டர் 400 கிராம் என்று வையுங்கள். அதில் கம்பளி 120 கிராம். அது ஏற்கக்கூடியது சுமார் 36 கிராம் ஈரம். முழுக் கம்பளியாக இருந்தால் 120 கிராம். அக்ரிலிக் மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால், வேர்த்த பிறகு நின்று இளைப்பாறும்போது ஜில்லென்று இருக்கும்.

உங்கள் லேபிளில் உள்ள 10% நைலானைக் குறையாக எண்ணாதீர்கள். முழங்கையும் காலுறையின் குதிகாலும் தேயாமல் நிற்பது அதனால்தான். 60% அக்ரிலிக் பெரும்பாலும் விலையைக் குறைப்பதற்காகச் சேர்ப்பது. கம்பளிக் கலப்பு என்று பொருள்படும் வுல் பிளெண்ட் என்ற பெயரை விட்டுவிட்டு எண்களைப் படியுங்கள்.

கேள்வி: பாதிதான் கம்பளி என்பதால் என் மகளின் ஸ்வெட்டரை மற்றத் துணிகளோடு இயந்திரத்தில் போட்டேன். பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிவிட்டது! மீட்க வழி உண்டா?

வருத்தமாக இருக்கிறது, ஆனால் பொய் நம்பிக்கை தர மாட்டேன். இழையின் மேலுள்ள செதில்கள் ஈரத்திலும் சூட்டிலும் உருட்டப்பட்டால் ஒன்றோடொன்று பின்னிப் பூட்டிக்கொள்ளும். பின்னலின் கண்கள் இன்னும் தனித்தனியாகத் தெரிந்தால், வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மெல்ல இழுத்துக் கொஞ்சம் மீட்கலாம். கண்கள் மறைந்து துணி பலகைபோல் இருந்தால் முடியாது. பாதிக் கம்பளியே இப்படிப் பூட்டிக்கொள்ளப் போதும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்ற குறி இருப்பவற்றில் வழக்கமாக அந்தச் செதில்களைக் குளோரினால் மழுக்கி, மேலே பிசின் பூசியிருப்பார்கள்.

அந்தக் குறி இல்லாததைக் கையால் துவையுங்கள். நீர் 30 டிகிரிக்குள் இருக்கட்டும், கசக்காமல் அமுக்குங்கள், அலசும் நீரும் அதே சூட்டில் இருக்கட்டும். கறை நீக்கும் என்சைம் சோப்புத்தூள் வேண்டாம். அவற்றில் உள்ள புரதம் கரைக்கும் என்சைம் கம்பளியையும் அரிக்கும். பிறகு துவாலையில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, தட்டையாக விரித்து உலர்த்துங்கள்.

கேள்வி: லாம்ப்ஸ்வுல் உயர்ந்தது என்கிறீர்கள். என்னுடையதில் இரண்டே வாரத்தில் கைக்கு அடியில் பஞ்சு உருண்டைகள்!

மென்மையானது என்றுதான் சொன்னேன். குட்டி ரோமம் பொதுவாகக் குட்டையானது, நூலும் தளர்வாக முறுக்கப்படுகிறது. தளர்ந்த இழைகள் உரசும் இடத்தில் உருளும். இழுத்துப் பிய்க்காமல் வெட்டி எடுங்கள். முழுக் கம்பளி என்றால் சில துவைப்புகளில் தளர்ந்த இழை தீர்ந்து பெரும்பாலும் குறையும். நைலான் கலந்திருந்தால் அந்த வலுவான இழையே உருண்டையை உதிரவிடாமல் பிடித்துக்கொள்ளும். உங்கள் லேபிளில் சதவீதங்கள் என்ன என்று எழுதவில்லையே. அதைப் பார்க்காமல் குறையுமா என்று என்னால் சொல்ல இயலாது.