அவர் என்ன சொன்னார்?

வணக்கம் ஐயா. தொடக்கக் கல்லூரி முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறேன். குழுவில் வந்த ஒரு கருத்து வேறுபாட்டைப் பற்றி 300 சொல்லில் எழுத வேண்டும். எங்கள் திட்டப்பணியில் நடந்ததை எழுதினேன். படித்துப் பார்த்த மாமா, "மேனேஜர் எழுதின ரிப்போர்ட் மாதிரி இருக்கு" என்கிறார். இணைத்திருக்கிறேன். எங்கே தவறு, ஐயா?
— ஒரு மாணவி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள மாணவிக்கு,

திட்டப்பணியின் மதிப்பெண் 2026 முதல் பல்கலைக்கழகச் சேர்க்கைக் கணக்கில் வராது என்றார்கள். அந்தப் பாடம் கட்டுரையாக மாறிப் பின்வாசல் வழியே வந்து உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்!

உங்கள் மாமா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். தனியாக வாழும் முதியவர்களுக்கு மருந்து நேரத்தை நினைவூட்டும் செயலி, அதை எதிர்த்த ஒரு நண்பர், நீங்கள் கூட்டிய கூட்டம், "அனைவரின் கருத்தையும் மதித்து" செயலியோடு ஒரு சுவரொட்டியும் சேர்த்தது என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. அந்த நண்பர் பேசியது மட்டும் ஒரு வரிகூட இல்லை. அவரை எடுத்துவிட்டுப் படித்தேன். கதை அப்படியே நின்றது. அப்படியென்றால் நீங்கள் அவர் பேச்சைக் கேட்டதற்குக் கட்டுரையில் சாட்சியே இல்லை.

அதனால்தான், "அவர் என்ன சொன்னார்?" என்று உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன். நீங்கள் எழுதிய பதில் கட்டுரையைவிட எவ்வளவோ மேல். அவருடைய பாட்டியின் கைப்பேசி இழுப்பறையிலேயே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை மகன் அழைக்கும்போது மட்டும் வெளியே வரும். பாட்டி மாத்திரையை மறப்பதும் இல்லை. பலதுறை மருந்தகத்தில் புதிதாக வாங்கிய மாத்திரை வேறு நிறத்தில் இருந்ததால், தவறாகக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து அவரே நிறுத்திவிட்டார். அதே மருந்தை வேறொரு நிறுவனம் தயாரித்தால் நிறமும் வடிவமும் மாறும் என்று பாட்டிக்கு யாரும் சொல்லவில்லை.

இங்கேதான் முடிவு மாறியது. மறதிக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த உங்கள் குழுவுக்குப் பிரச்சினை சந்தேகம் என்று தெரிந்தது. இது அந்த நண்பரைத் தவிர உங்களில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருந்தீர்கள். முதல் இரண்டு கூட்டங்களின் குறிப்பில் அவர் பெயருக்கு எதிரே "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதியவர் நீங்களே. மூன்று வாரம் உட்கார்ந்து செயலியின் திரைகளை வரைந்தவரும் நீங்கள். இந்த இரண்டையும் மறைத்துவிட்டு "நான் எப்போதும் பிறர் கருத்தை வரவேற்பவள்" என்று தொடங்கியிருக்கிறீர்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் மனம் மாறுவதற்கு என்ன இருக்கிறது? கட்டுரையை அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்குங்கள். நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்:

"கூட்டக் குறிப்பில் அவர் பெயருக்கு நேரே 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன். மூன்றாவது கூட்டத்தில், செயலி ஏன் வேண்டாம் என்று கேட்டேன். 'பாட்டி மறக்கவில்லை, நம்பவில்லை' என்றார். அந்தச் சனிக்கிழமை அவரோடு பாட்டி வீட்டுக்குப் போனேன். பிறகு அதே புளோக்கில் ஆறு பேரிடம் பேசினோம். நான்கு பேர் பாட்டி சொன்னதையே சொன்னார்கள்."

கேள்வி கேட்டது, நேரில் போனது, மற்றவர்களிடம் சரிபார்த்தது ஆகிய மூன்றும் நீங்கள் செய்தவை. பாட்டி வீட்டுக்குப் போனதை விட்டுவிடாதீர்கள். நண்பர் சொன்னதைத் தலையாட்டி ஏற்றுக்கொள்ளாமல் போய்ப் பார்த்தீர்கள் என்பது அதில்தான் தெரிகிறது.

அடுத்து, பழைய மாத்திரை, புது மாத்திரை இரண்டின் படத்தையும் அட்டையில் ஒட்டிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தீர்கள். மாணவர்கள் ஒட்டும் படம் தவறாகப் போனால் உயிருக்கே ஆபத்து என்று ஆசிரியர் தடுத்துவிட்டார். கடைசியில் நின்றது, மருந்து கொடுக்குமிடத்தில் காட்ட ஒரே ஒரு கேள்வி அச்சிட்ட அட்டை: "இது என் பழைய மருந்துதானா?" இந்தத் தடங்கலை நீங்கள் எழுதவே இல்லை. எழுதுங்கள். உங்கள் முடிவும் திருத்தப்பட்டது என்று ஒப்புக்கொண்டால் முன்னே சொன்னதையும் நம்பத் தோன்றும்.

300 சொல்லில் திட்டத்தின் நோக்கத்துக்கு நூறுக்கு மேல் கொடுத்திருக்கிறீர்கள். முப்பது போதும். தலைமைப் பண்பு பற்றிய கடைசிப் பத்தியை அப்படியே எடுத்துவிடுங்கள். நண்பரைப் பிடிவாதக்காரராகவும் காட்ட வேண்டாம். "செயலி வேண்டாம்" என்று அவர் இரண்டு முறை சொல்லியும் காரணம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். நேர்முகத்துக்கு அழைத்தால் அவரைப் பற்றித்தான் தோண்டிக் கேட்பார்கள். அதனால் நடக்காத ஓர் உரையாடலைக்கூடச் சேர்க்காதீர்கள். நான் மேலே எழுதிக் காட்டியதிலும் அவர் வாயில் வராத சொல் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

அட்டையின் தமிழ் வாசகத்தை நீங்களே எழுதினீர்களாம். முதலில் "முந்தைய மருந்து" என்று போட்டு, பாட்டி படித்துப் புரியாமல் உங்களைப் பார்த்த பிறகு "பழைய மருந்து" என்று மாற்றினீர்களாம். விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் என்றாலும் அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.