கடைக் காசு எந்தக் கணக்கில்? – வன்னி வியாபாரிகளின் கேள்விகளும் பதில்களும்

புதுக்குடியிருப்பு, பலசரக்குக் கடை: நாள் விற்பனை 45,000 வரும். இப்ப என்ர பெயரில சேமிப்புக் கணக்கில போடுறன். நடைமுறைக் கணக்குக்கு மாறினா வட்டி போயிடுமே அண்ணை?

போகும். ஆனால் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். காசு கணக்கில் நிற்பது முகவரின் சாமான் லொறி வரும் வரைதான். சராசரியாக 120,000 நிற்கிறது, வட்டி நூற்றுக்கு 3 என்று வைத்தால் வருடத்துக்கு 3,600, மாதத்துக்கு 300. அதில் 10 வீதம் வரியாகப் பிடித்தால் கைக்கு 270. வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வரி இலக்கத்தோடு வங்கியில் பிரகடனம் கொடுத்து அந்த 30 ரூபாயையும் மிச்சம் பிடிக்கலாம்.

ஆகவே கேள்வி வட்டியைப் பற்றியதல்ல, நடைமுறைக் கணக்கோடு வரும் செக் புத்தகத்தைப் பற்றியது. உங்கள் முகவர் செக் வாங்கிக்கொண்டு 14 நாள் தவணை தருவாரா? தருவார் என்றால் ஒரு லொறிச் சாமானை விற்று முடித்த காசிலேயே அதன் விலையைக் கட்டலாம். மாதம் 270 ரூபாய்க்கு அது மலிவு. காசு கொடுத்தால்தான் சாமான் இறக்குவார் என்றால் செக் புத்தகம் லாச்சிக்குள் கிடக்கும், அதற்கும் கட்டணம் போகும்.

மாங்குளம், தேத்தண்ணிக் கடை: எனக்கு ஒரு நாளைக்கு 8,000தான். நானும் மாறவேணுமோ?

வேண்டாம். பாணும் பாலும் அன்றன்றைக்குக் காசுக்கு வாங்குகிறீர்கள். சேமிப்புக் கணக்கு போதும். ஆனால் வீட்டுக் காசுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என இரண்டு புத்தகம் வையுங்கள்.

கிளிநொச்சி, துணிக்கடை: நடைமுறைக் கணக்கு எண்டா வரிக்காரருக்குத் தெரியும், சேமிப்பில போட்டா தெரியாது எண்டு சொல்லுறாங்கள். அதுதான் நல்லது?

பாதி சரி. கடைப் பெயரில் நடைமுறைக் கணக்கு திறக்க பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பதிவு கேட்பார்கள், அதனால் கடை பதிவில் வரும். மற்றப் பாதி பிழை. சேமிப்புக் கணக்கும் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தில்தான் இருக்கிறது. அதோடு தினமும் சில்லறை நோட்டாக வந்து விழும் கணக்கைப் பார்த்து, இது வியாபாரக் காசா என்று கிளையே கேட்கலாம். நாளைக்குக் கடன் கேட்டுப் போனால் விற்பனையைக் காட்டவும் கடைப் பெயர்க் கணக்குதான் உதவும்.

முள்ளியவளை, ஹார்ட்வெயார்: செக் குடுத்தனான், கணக்கில காசு இருந்தது, ஆனா திரும்பிட்டுது. வங்கிதான் பிழை விட்டதோ?

பெரும்பாலும் இல்லை. இப்படி நடந்திருக்கும். நீங்கள் முகவருக்குக் கொடுத்த செக் 150,000, திங்கள் திகதி. உங்கள் கணக்கில் 165,000 தெரிகிறது. ஆனால் அதில் 40,000 ஒரு ஒப்பந்தகாரர் தந்த செக், வெள்ளி பின்னேரம் நேரம் கடந்து போட்டது. அது திங்கட்கிழமை போட்டதாகவே எடுபடும், மாறிக் கைக்கு வர செவ்வாய் ஆகும். முகவர் திங்களே தன் வங்கியில் போட்டுவிட்டார், செவ்வாய் காலை உங்கள் வங்கிக்கு வந்து நிற்கிறது. அப்போது எடுக்கக்கூடிய காசு 125,000தான். 25,000 குறைவு, செக் திரும்புகிறது.

போனில் பார்க்கும்போது இரண்டு தொகை இருக்கும். மொத்த மீதியை விட்டுவிட்டு, எடுக்கக்கூடிய மீதியையே பாருங்கள். செக் அடிக்கட்டையில் திகதியும் தொகையும் எழுதி, அந்தத் திகதிக்கு முதல் வேலை நாளே காசாகப் போட்டுவிடுங்கள். காசில்லை என்று தெரிந்தே செக் கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்படி குற்றம். முகவர் அதுவரை போகாவிட்டாலும், அடுத்த லொறியில் தவணை இருக்காது.

வவுனியா, நகை அடகு பற்றி: அடகு வட்டி இப்ப எவ்வளவு?

அது வேறு கணக்கு அக்கா. கிளையில் கேளுங்கள்.

பரந்தன், மருந்துக்கடை: எது பாதுகாப்பு? வங்கி விழுந்தா?

இரண்டும் ஒன்றே. வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் வரை. கணக்கைப் பிரித்தாலும் அதே வங்கி என்றால் சேர்த்துத்தான் எண்ணுவார்கள்.

புதுக்குடியிருப்புக்காரர் மீண்டும்: அப்ப இரண்டையும் வைச்சிருக்கலாமோ?

அதுதான் எனக்குப் பிடித்த வழி. விற்பனை முழுவதும் நடைமுறைக் கணக்கில் விழட்டும். திகதி போட்டுக் கொடுத்த செக்குகளின் கூட்டுத்தொகையையும், இரண்டு நாள் விற்பனைக்குச் சமமான காசையும் அதில் விட்டு, மிச்சத்தைச் சனிக்கிழமை சேமிப்புக்கு மாற்றுங்கள். 20, 50 நோட்டுகளை வங்கிக்குக் கொண்டு போகவேண்டாம், திங்கள் காலை மிச்சம் கொடுக்க அவைதான் தேவை.

ஒட்டுசுட்டான், கடைக்காரர்: எங்கட முகவர் இப்ப செக் வேண்டாம், போனில அனுப்பு எண்டுறார். அப்ப நீங்கள் சொன்னது எல்லாம் எதுக்கு?

நியாயமான கேள்வி. அவர் அனுப்பச் சொல்வது லொறி வந்த அன்றைக்கா, 14 நாள் கழித்தா? அன்றைக்கே என்றால் உங்கள் தவணை போய்விட்டது, சேமிப்புக் கணக்கே போதும். 14 நாள் கழித்து என்றால் செக்கில்லாமலே தவணை கிடைக்கிறது, அதுவும் சேமிப்பிலிருந்தே முடியும். எல்லா முகவரும் வெறும் வாய்ச்சொல்லை நம்பி அப்படி விடுவார்களா என்பதை அவர்களிடம்தான் கேட்கவேண்டும்.