பி.டி.யு.வா, கிலோவாட்டா: அறை ஹீட்டர்களை ஒப்பிடுவது குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ரொறன்ரோவில் எங்கள் வீட்டுக் கராஜுக்கு ஹீட்டர் வாங்க வேண்டும். எரிவாயு ஹீட்டரின் பெட்டியில் 30,000 பி.டி.யு. என்றும் மின் ஹீட்டரின் பெட்டியில் 5 கிலோவாட் என்றும் இருக்கிறது. எது கூடுதலாகச் சூடாக்கும்?

பதில்: ஒரு கிலோவாட் என்பது மணிக்கு 3,412 பி.டி.யு. ஆகவே 30,000-ஐ 3,412-ஆல் வகுத்தால் 8.79 கிலோவாட் கிடைக்கும். ஆனால் இந்த எண்ணை 5 கிலோவாட்டுக்கு அருகில் வைப்பதற்கு முன்னர், அது எரிவாயுவாக உள்ளே போகும் வெப்பமா, அறைக்கு வந்து சேரும் வெப்பமா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பெரும்பாலும் உள்ளே போகும் அளவுதான். ஹீட்டரின் உடலில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ கையேட்டிலோ ‘இன்புட்’, ‘அவுட்புட்’ என இரண்டும் தனித்தனியாக இருக்கும். ‘அவுட்புட்’ எண்ணையே எடுங்கள்.

உங்கள் ஹீட்டர் புகைக்குழாய் உள்ளது, அதன் திறன் 80 விழுக்காடு என்று கொண்டால், 24,000 பி.டி.யு. மட்டுமே கராஜுக்கு வரும், அதாவது 7.03 கிலோவாட். எஞ்சியது குழாய் வழியே வெளியே போய்விடும். மின் ஹீட்டருக்குப் புகை இல்லையாதலால், அது இழுக்கும் 5 கிலோவாட்டும் அறைக்குள்ளேயே வெப்பமாகிறது. எனவே எரிவாயு ஹீட்டர் ஏறத்தாழ 1.4 மடங்கு கூடுதலாகச் சூடு தரும். பெட்டியை மட்டும் பார்த்தவருக்கு அது 1.76 மடங்கு என்று தோன்றும்.

கேள்வி: எதற்கு இந்த 3,412? மூன்று பூச்சியத்தை வெட்டிவிட்டு 0.3-ஆல் பெருக்கினால் போதும் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: கடையில் நின்றுகொண்டு மனக்கணக்காகப் பார்க்க அது போதும். சரியான பெருக்கெண் 0.293 என்பதால், உங்கள் நண்பரின் விடை இரண்டரை விழுக்காடு வரை கூடுதலாக வரும்; 8.79-க்குப் பதிலாக 9 என்பீர்கள். இரண்டு ஹீட்டர்கள் மிக நெருக்கமான அளவில் இருக்கும்போது மட்டும் இந்தக் குறுக்குவழியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1,500 வாட் மின் ஹீட்டர். பெட்டியில் 5,118 பி.டி.யு. என்று இருக்கிறது. எட்டு மணி நேரம் ஓடினால் அது 40,000 பி.டி.யு. ஹீட்டராகிவிடுமே? இன்னொரு கடையில் அதே 1,500 வாட்டுக்கு 5,200 பி.டி.யு. என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: எட்டு மணி நேரத்தில் அது தந்த மொத்த வெப்பம் 40,000 பி.டி.யு.வைச் சற்றுத் தாண்டும் என்பது சரிதான். மின் கட்டணத்தில் அது 12 யூனிட்டாக வரும். ஆனால் பெட்டியில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கான அளவு. ‘மணிக்கு’ என்பதை அச்சிடாமல் விட்டுவிடுவதால்தான் இந்தக் குழப்பம். எத்தனை மணி நேரம் ஓடினாலும் அது 1.5 கிலோவாட் ஹீட்டர்தான். 5,200 என்பது தாராளமாக முழுமையாக்கிய எண். இரண்டும் 1,500 வாட் இழுக்கின்றன என்றால் இரண்டும் ஒரே வெப்பத்தைத்தான் தரும். அந்த 82 பி.டி.யு.வுக்காகப் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் சுவரில் மாட்டிய வெப்பப் பம்பு இருக்கிறது. 12,000 பி.டி.யு. என்றால் உங்கள் கணக்கில் 3.5 கிலோவாட். தகட்டிலோ மின்சாரம் 1 கிலோவாட் என்று இருக்கிறது. தகடு பிழையா?

பதில்: தகடு சரியானதே. வெப்பப் பம்பு மின்சாரத்தை எரித்து வெப்பமாக்குவதில்லை. வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே ஏற்றிவிடுகிறது. அதனால் அறைக்கு வருவது இழுப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். ஒப்பிடுவதற்கு 3.5-ஐ எடுங்கள், கட்டணத்துக்கு 1-ஐ எடுங்கள். ஆயினும் வட அமெரிக்காவில் விற்கப்படுபவற்றின் சூடாக்கும் அளவு வழமையாக வெளியே 8.3 பாகை செல்சியஸ் இருக்கையில் குறிக்கப்படுவது. சனவரிக் குளிரில் அது குறையும். எவ்வளவு குறையும் என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடும். ஆகவே கடும் குளிருக்கான எண்ணைக் கையேட்டில் தேடுங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன் நான். கராஜ் 400 சதுர அடி. சதுர அடிக்கு 10 வாட் என்றால் 4 கிலோவாட் போதும், அப்படியானால் மின் ஹீட்டரே போதும் அல்லவா?

பதில்: அந்த விதி ஓரளவு வெப்பக்காப்பு உள்ள அறைக்கானது, கராஜ் கதவு மெல்லிய தகடாக இருந்தால் பொருந்தாது. இரவல் வாங்கிய 1,500 வாட் ஹீட்டர் ஒன்றை, நீட்டிப்பு வயர் இல்லாமல் நேரே சுவர்ப் பிளக்கில் செருகி, அருகில் எரியக்கூடியது எதுவும் இல்லாதபடி வைத்து, அணையாமல் நெடுநேரம் ஓடவிட்டு, உள்ளும் புறமும் வெப்பநிலையை அளந்து பாருங்கள். வித்தியாசம் 15 பாகையில் நின்றால், வெளியே கழித்தல் 20 இருக்கும் நாளில் உள்ளே 20 பாகை வேண்டுமானால் 40 பாகை வித்தியாசத்துக்கு 4 கிலோவாட் தேவைப்படும். வித்தியாசம் 10 பாகைதான் என்றால் 6 கிலோவாட் வேண்டும். 5 கிலோவாட் மின் ஹீட்டர் போதாது. கராஜின் ஒரு சுவர் வீட்டோடு ஒட்டியிருந்தால் அந்தப் பக்கமிருந்தும் வெப்பம் வரும் என்பதால் இக்கணக்கு தேவையைக் குறைத்துக் காட்டக்கூடும். எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லையே?