சீவிய உரித்து வைத்துக் காணி எழுதினால் அம்மாவின் கையில் என்ன மிஞ்சும்?

கேள்வி: நான் கோப்பாயில் இருக்கிறேன். கணவர் சில வருடங்களுக்கு முன் மரண சாசனம் எழுதாமல் காலமானார். எனக்குச் சீதனமாக வந்த 8 பரப்புத் தோட்டக் காணியையும், கலியாணத்துக்குப் பிறகு அவர் தன் உழைப்பில் தன் பெயரில் வாங்கிய பக்கத்து 6 பரப்பையும் இளைய மகனுக்கு எழுதலாம் என்று நினைக்கிறேன். தோட்டம் செய்வது அவன்தான். மூத்த இரண்டு பேரும் கனடாவில். நான் கண்மூடும்வரை வருமானம் எனக்கு வரவேண்டும். பிறகு மனம் மாறினால் காணியைத் திருப்பி எடுக்க முடியுமா?

பதில்: அம்மா, முதலில் காணி முழுக்க உங்களுடையதா என்று பார்ப்போம். சீதனக் காணியில் சிக்கல் இல்லை, அது உங்கள் தனிச்சொத்து. பக்கத்துக் காணி அப்படியில்லை. தேசவழமைப்படி அது உங்கள் கணவரின் தேடியதேட்டம், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து. சாசனம் இல்லாமல் அவர் காலமானதால் பாதி உங்களுக்கு, மற்றப் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. அதாவது 6 பரப்பில் 3 உங்களுக்கு, பிள்ளைக்கு 1 பரப்பு வீதம். 6 பரப்பையும் உங்கள் பெயரால் எழுதிக்கொடுத்தாலும் மகனுக்குப் போவது உங்கள் 3 மட்டும்தான். அவருடைய சொந்தப் பங்கையும் சேர்த்தால் 4. மிச்ச 2 பரப்பு கனடாப் பிள்ளைகளுடையதாகவே கிடக்கும். ஒருநாள் அவர் வங்கிக் கடனுக்குப் போகும்போதுதான் அது வெளியே வரும். ஆகவே உங்கள் உறுதியில் உங்கள் பாதியை மட்டும் எழுதுங்கள். மற்ற இருவரும் விரும்பினால் அற்றோணி மூலம் தங்கள் பங்கைத் தம்பிக்குத் தனியாக நன்கொடை எழுதலாம்.

இனி சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை காணியின் பலனை அனுபவிக்கும் உரிமை. 1840-ம் ஆண்டின் 7-ம் இலக்கச் சட்டப்படி, காணியைப் பற்றிய எதுவும் நொத்தாரிசின் முன் இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் இருக்கவேண்டும். "அம்மா இருக்கும்வரை அவதான் பார்ப்பா" என்று வீட்டில் பேசிவைப்பது உறவுக்குச் சரி, நீதிமன்றத்தில் நிற்காது. நன்கொடை உறுதியிலேயே அந்த வசனம் இருக்கவேண்டும், மகனும் நன்கொடையை ஏற்றுக் கையெழுத்து வைக்கவேண்டும்.

உரித்தை ஒதுக்கிவைத்தால் விளைச்சலும் குத்தகைக் காசும் உங்களுடையவை. வேறு ஆளுக்குக் குத்தகைக்கும் விடலாம்; ஆனால் அந்தக் குத்தகை உங்கள் காலத்தோடு முடிந்துவிடும். காணியின் உடலைக் குலைக்கக் கூடாது. மண் அள்ளி விற்பது, காய்க்கிற மரங்களைத் தறித்து விற்பது உங்கள் உரித்துக்குள் வராது.

மகன் உங்களைக் கேட்காமல் விற்கலாமா? தன் உரிமையை விற்கலாம், வாங்குகிறவர் உங்கள் சீவிய உரித்தைச் சுமந்துகொண்டுதான் வாங்கவேண்டும். நடைமுறையில் உங்கள் கையெழுத்து இல்லாமல் அப்படிக் காணியை வாங்க ஆட்கள் தயங்குவார்கள். நான் பயப்படுவது வேறு கடதாசிக்கு. கடன் எடுக்கவென்று சில வருடங்களுக்குப் பிறகு ஒரு கையெழுத்துக் கேட்பார்கள், அது சீவிய உரித்தை விட்டுக்கொடுக்கும் உறுதியாக இருக்கும். வாசித்துக் காட்டாமல் எதிலும் கைவைக்காதீர்கள்.

எழுதும்போது கிணற்றை மறந்துவிடாதீர்கள். இரண்டு காணிக்கும் ஒரே கிணறு என்றால், அது எந்தக் காணியில் இருக்கிறது, உங்கள் நீர்ப்பங்கு, வாய்க்கால், வழி எல்லாம் உறுதியில் வரவேண்டும். 8 பரப்பின் உரித்து உங்களிடம் இருந்தும் இறைக்கத் தண்ணீர் இல்லையென்றால் அந்தச் செம்மண்ணில் வெங்காயம் வைக்க முடியாது.

மனம் மாறினால் என்பதுதான் உங்கள் கேள்வியின் முக்கால்வாசி. சீவிய உரித்து காப்பது விளைச்சலை. காணியைத் திருப்பித் தராது. மீளப்பெறமுடியாத நன்கொடை என்று எழுதிவிட்டால், பிள்ளை மிக மோசமாக நன்றி மறந்து நடந்தார் என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் இரத்துச் செய்யலாம். 2017-ம் ஆண்டின் 5-ம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, நொத்தாரிசிடம் போய் ஒரு இரத்து உறுதி எழுதிவிட்டு வருவது அந்த வகைக்குப் போதாது. "மீளப்பெறமுடியாத" என்ற சொல் பல நொத்தாரிசுமாரின் மாதிரிப் படிவத்தில் பழக்கமாகவே கிடக்கும், யாரும் உங்களைக் கேட்டு அதைப் போடுவதில்லை. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், இரத்துச் செய்யும் உரிமையைச் சீவிய உரித்தோடு தனி வசனமாக ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். அப்படி எழுதிய காணியை வங்கி ஈட்டுக்கு எடுக்கத் தயங்கும் என்பதை மகனுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உறுதி முடிந்தபின் காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதி ஒன்று எடுத்து, நன்கொடையோடு சீவிய உரித்தும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கமநல சேவை நிலையத்துக்கும் போய், நன்கொடைக்குப் பிறகு பதிவேட்டில் யார் பெயர் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உர மானியம் போன்றவை அந்தப் பெயரைப் பார்த்துத்தான் வரும்.