14 வயதுப் பையனின் முகப்பரு: எங்கள் வீட்டில் செய்தது

கேள்வி: என் 14 வயது மகனுக்கு முகமெல்லாம் பரு. போட்டோ எடுத்தால் எழுந்து போய்விடுகிறான். அவன் மனம் நோகாமல் எப்படிப் பேசுவது, என்ன செய்வது?

பதில்:

கோபி பக்கம் எங்கள் ஊர். என் மகன் ஒன்பதாவது படிக்கும்போது, நோம்பிக்கு வந்த சொந்தமெல்லாம் "என்ன கண்ணு, மூஞ்சி இப்படி ஆயிருச்சு?" என்று கேட்டுக் கேட்டே அவனை அறைக்குள் முடக்கிவிட்டார்கள். பாசத்தில் கேட்பதுதான், ஆனால் அவனுக்கு வலித்தது. அவனுடைய அம்மிச்சியை, அதாவது என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் முகத்தைப் பத்தி இனிமே பேச்செடுக்க வேண்டாங்மா" என்று சொன்னேன். மற்றவர்களை அம்மாவே பார்த்துக்கொண்டார்.

அப்புறம் ஒருநாள் ஸ்கூட்டரில் தோட்டத்துக்குப் போகும்போது கேட்டேன். முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதால் வண்டியில் அவனுக்குப் பேச்சு வரும். "பரு உனக்குத் தொந்தரவா இருக்கா சாமி? ஏதாச்சும் செய்யலாமா, இல்ல அப்படியே விட்டுரலாமா?" அன்றைக்குப் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து அவனே ஒரு கிரீம் டியூபைக் கொண்டுவந்து கொடுத்தான். நண்பன் சொல்லி மெடிக்கலில் வாங்கியது. நாலு நாளில் முகம் வழவழப்பாகிவிடும், நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக வரும் என்றான். டியூபில் பீட்டாமெத்தசோன் என்று போட்டிருந்தது. அது ஸ்டீராய்டு. சிவப்பை அமுக்கிக் காட்டுமே தவிர பருவை ஆற்றாது. தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துபோகும். உங்கள் மகனும் ஏதாவது தடவுகிறானா என்று முதலில் பாருங்கள்.

ஈரோட்டில் தோல் மருத்துவரிடம் போனோம். உள்ளே அவனே பேசட்டும் என்று நான் வாய் திறக்கவில்லை. ஹார்மோன் மாற்றத்தால் எண்ணெய்ச் சுரப்பு கூடித் துவாரம் அடைபடுவதால்தான் பரு வருகிறது, அழுக்கினால் இல்லை, அதனால் அழுத்தித் தேய்க்காதே என்றார். காலை, இரவு இரண்டு வேளை மிதமான ஃபேஸ்வாஷ். இரவில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல்லை, பரு மேல் மட்டும் வைக்காமல், பரு வரும் இடம் முழுக்க மெல்லிசாக, முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். தோல் காய்ந்தால் எண்ணெய் இல்லாத மாய்ஸ்சரைசர். இந்த ஜெல் துணியை வெளுக்கும். எங்கள் தலையணை உறை ஒன்று திட்டுத் திட்டாகப் போனது. வெள்ளை உறையாகப் போட்டுவிடுங்கள்.

நெற்றியில் மட்டும் பரு ஏன் அவ்வளவு நெருக்கம் என்பதற்குக் காரணம் நான்தான். தினமும் காலையில் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து அனுப்புவேன், அது வெயிலில் நெற்றிக்கு வழிந்தது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலோடு நிறுத்தினோம்.

மூன்று வாரம் வரை ஒரு மாற்றமும் தெரியவில்லை. பலர் விட்டுவிடுவது இங்கேதான். இரண்டாம் மாத முடிவில் புதுப் பரு குறைந்தது. கிள்ளிய இடத்துக் கருமை போக இன்னும் பல மாதம் ஆனது, அதை அவனிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன்.

உங்கள் மகனுக்குத் தொட்டால் வலிக்கும் பெரிய கட்டிகளோ, ஆறின இடத்தில் குழியோ இருந்தால் இந்த ஜெல்லை நம்பி இரண்டு மாதம் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். குழி விழுந்துவிட்டால் அதை எந்தக் கிரீமும் நிரப்பாது.