டிசிபி தீயணைப்பு பவுடர் அடிச்சும் டீசல் தீ திரும்ப பத்திக்கிறது ஏன்?

"கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் பேக்டரிங்க. ஜெனரேட்டர்ல டீசல் தீ. டிசிபி அடிச்சதும் டக்குனு அணைஞ்சு ரெண்டு செகண்ட்ல திரும்ப பத்திக்கிச்சு. பவுடர் காத்த மறைக்கலயா?"

காத்த மறைக்கிறது அதோட முக்கிய வேலையே இல்லீங்க, அது தீக்குள்ள ஓடுற சங்கிலி வினைய அறுக்குது. ஆனா சூட்ட பெருசா எறக்காது, அதான் திரும்ப பத்திக்கிச்சு.

சுடருக்குள்ள H, OH-னு தனி உறுப்புங்க, அதாவது எதோடயாவது சேரத் துடிக்கிற மூலக்கூறு துண்டுங்க, சுத்திக்கிட்டே இருக்கும். ஒரு H போய் ஆக்சிஜன்ல மோதுனா OH, O-னு ரெண்டா பெருகும், அதுங்க மறுபடி எரிபொருள்ல மோதி இன்னும் பெருகும், இப்படித்தான் தீ தன்னையே வளத்துக்குது. சோடியம் பைகார்பனேட் பவுடர் சூட்டுல ஒடைஞ்சு வர்ற NaOH அந்த H-ஐ புடிச்சு தண்ணியாக்கிடும், மிஞ்சுற Na இன்னொரு OH-ஐ புடிச்சு திரும்ப NaOH ஆயிடும். அதனால கொஞ்சம் பவுடரே நெறைய உறுப்புங்கள தின்னுடுது.

ஆனா பவுடர் மேகம் கலைஞ்சதும் புடிக்க ஆளில்ல. டீசல் ஆவி இருக்கு, சைலன்சர் கொதிக்குது. டீசல் 200 டிகிரி சொச்சத்துலயே தானா பத்திக்கும்.

ஜெனரேட்டர் நல்லா ஆறுனப்புறம் இன்ஜெக்டர் பைப் ஜாயிண்ட்லருந்து எக்ஸாஸ்ட் வரைக்கும் டீசல் ஈரம் இருக்கானு டார்ச் அடிச்சு பாருங்க, பெரும்பாலும் ஒழுகல் அங்கதான் இருக்கும்.

இனிமே பத்துனா மொதல்ல எரிபொருள் வால்வ மூடுங்க, அணைஞ்சாலும் பவுடர் சிலிண்டர கீழ வைக்காதீங்க. பக்கத்துல கோணிப்பை கனலா இருந்தா இந்த சோடியம் பைகார்பனேட் மாதிரி பிசி பவுடர் அத அணைக்காது, அதுக்கு ஏபிசி பவுடர் வேணும், அதுல இருக்குற பாஸ்பேட் உருகி மேல படியும்.